பெரிய டிவியில் கேமரா நகரும்போது தெரியும் கறையும் செங்குத்துப் பட்டையும்: எந்த செட்டிங் உதவும்?

நாஞ்சில்75 | அக்டோபர் 9, இரவு 11.20

நாகர்கோவிலில் 75 இன்ச் எல்இடி டிவி வாங்கியிருக்கிறேன். விஏ பேனல், பின்னால் முழுக்க எல்இடி வரிசை உள்ள வகை. படம், செய்தி, சீரியல் எதிலும் குறை சொல்ல முடியாது. கால்பந்து போட்டால்தான் பிரச்சினை. கேமரா இடமிருந்து வலமாக ஓடும்போது, திரையின் இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு செங்குத்துப் பட்டை நிற்கிறது. அதற்கு வலப்புறம் புகை படிந்த மாதிரி இரண்டு மூன்று திட்டுகள். பந்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா "புல்லை அப்படி வரி வரியாத்தான் வெட்டியிருப்பான்" என்கிறார்.

செட்டிங்கில் குறைக்க வழி இருக்கிறதா, இல்லை பேனலே இப்படித்தானா?

கருங்கல் ராக்கெட் | அக்டோபர் 9, இரவு 11.52

எனக்கும் இதே. கேமரா நகர்ந்தால் விட்டு விட்டு நகரும், கண் வலிக்கும். டிவி பிராசசர் மட்டம் என்று நினைக்கிறேன்.

நாஞ்சில்75 | அக்டோபர் 10, காலை 6.40

அது வேறு அண்ணே. எனக்கு நகர்வு வழுவழுப்பாகவே இருக்கிறது. நகரும் படத்துக்குப் பின்னால் நகராத ஒரு அழுக்கு நிற்கிறது, அதுதான் என் கேள்வி.

அப்பாவின் புல் கணக்கைச் சரிபார்த்துவிட்டேன். மைதானத்தில் வெளிர்பச்சை, கரும்பச்சை வரிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை கேமராவோடு சேர்ந்து நகர்கின்றன. என் பட்டை அப்படியே நிற்கிறது. புல்வரி அதன் மேல் ஊர்ந்து போகும்போது, அந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி கறுத்து மறுபடி வெளுக்கிறது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

குழித்துறை ஃபைபர் | அக்டோபர் 10, காலை 9.15

சந்தேகமே வேண்டாம், ஸ்ட்ரீமிங் கோளாறு. நெட் வேகம் குறைந்தால் ஆப் படத்தை அமுக்கி அனுப்பும். வானம், புல் எல்லாம் படிப்படியாகப் பட்டை பட்டையாகத் தெரியும். நல்ல எச்டிஎம்ஐ கேபிளும் நல்ல நெட்டும் போட்டால் போய்விடும். எனக்குப் போனது.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 10, மதியம் 1.30

கேபிளை விடுங்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். பட்டை தெரியும்போது பாஸ் அழுத்தி, திரையின் ஓரத்தில் அந்த இடத்துக்கு நேராக ஒரு சின்ன ஒட்டுத்தாள் வையுங்கள் (ஃபிரேமில், கண்ணாடியில் வேண்டாம்). பிறகு ஓட விடுங்கள். வேறு சேனல், வேறு மேட்ச், வேறு நாள், எப்போது பார்த்தாலும் கறை தாளுக்கு நேராகவே நின்றால் அது டிவியில் இருக்கிறது. காட்சிக்குக் காட்சி இடம் மாறினால் வரும் படத்தில் இருக்கிறது. குழித்துறைத் தம்பி சொல்லும் படிக்கட்டுப் பட்டை வானத்தில் வளைந்து வளைந்து வரும், மேகத்தோடு நகரும். அதுவும் உண்மையான தொல்லைதான், ஆனால் வேறு தொல்லை.

கண்ணாடிக்குள் இருப்பது ஏன் கேமரா ஓடும்போது மட்டும் தெரிகிறது? படம் நின்றால் அந்தத் திட்டைப் புல்லின் நிழல் என்று கண் எடுத்துக்கொள்ளும். படம் ஓடினால் எல்லாம் நகர, இது மட்டும் நகராது. பேருந்துக் கண்ணாடியில் காய்ந்த மழைத்துளி வண்டி கிளம்பினதும் கண்ணில் படுகிற கதைதான்.

முதலில் கிரே படம் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இமேஜ்மேஜிக் இருந்தால்:

```
magick -size 3840x2160 xc:gray50 g50.jpg
magick -size 3840x2160 xc:gray20 g20.jpg
magick -size 3840x2160 xc:gray5 g5.jpg
```

பென்டிரைவில் போட்டு டிவியில் திறந்து, மூன்றிலும் கறையின் வடிவம் ஒன்றா என்று சொல்லுங்கள்.

நாஞ்சில்75 | அக்டோபர் 10, இரவு 10.05

போட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

50இல் எல்லாம் தெரிகிறது. நான்கு மூலையும் கொஞ்சம் மங்கல், நடுவில் புகைத்திட்டுகள், அந்தப் பட்டை. 20இல் புகைத்திட்டுகள் அதே இடத்தில் அதே அளவில் இருக்கின்றன, ஆனால் செங்குத்துப் பட்டை பாதியாகக் கரைந்துவிட்டது. 5இல் பட்டையே இல்லை, மூலையில் கொஞ்சம் வெளிச்சக் கசிவு மட்டும்.

போனில் எடுத்த படத்தைப் போட நினைத்தேன். அதில் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டைகள் வேறு வரிசையாக விழுகின்றன. எது நிஜம் என்றே தெரியவில்லை.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 10, இரவு 11.10

போனை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். பட்டையும் போனோடு சேர்ந்து திரும்பினால் அது போனும் பேக்லைட்டும் சேர்ந்து செய்யும் வேலை. பேக்லைட் நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிகிறது, போன் வரி வரியாகப் படம் எடுக்கிறது. ப்ரோ மோடில் ஷட்டரை 1/25க்கு மெதுவாக்கினால் பெரும்பாலும் போய்விடும். அப்போதும் மிஞ்சுவதுதான் டிவியின் கறை. அதையும் போன் கான்ட்ராஸ்ட் ஏற்றிக் காட்டும். போன் படத்தை வைத்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் விவரம் நன்றாகவே இருக்கிறது. கிரே எந்த அளவில் இருந்தாலும் அப்படியே நிற்கும் திட்டுகள் பின்னால் இருந்து வருபவை. எல்இடி மேல் உள்ள லென்ஸ், ஒளியைப் பரப்பும் பிளேட், அதன் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய ஷீட்கள், இவற்றில் ஏதோ ஒன்று சீராக இல்லை. கிரே அளவு மாறினால் கூடிக் குறையும் நேர்ப்பட்டை பெரும்பாலும் முன்னால் உள்ள பேனல் கண்ணாடியில் இருப்பது. உங்களுக்கு இரண்டும் உண்டு.

அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் புல்லின் பச்சை எந்த அளவில் விழுகிறது, பேக்லைட் எவ்வளவு எரிகிறது, புல்லில் எவ்வளவு நயம், அதாவது இழை இழையான நுணுக்கம், மிஞ்சுகிறது, இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. என்ன மோடில் பார்க்கிறீர்கள்?

நாஞ்சில்75 | அக்டோபர் 11, காலை 7.00

ஸ்போர்ட்ஸ் மோடு. விளையாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் மோடுதானே.

தூத்தூர் விங்கர் | அக்டோபர் 11, காலை 8.20

எங்கள் கிளப்பில் 65 இன்ச், ஓரத்தில் மட்டும் எல்இடி உள்ள மெலிந்த செட். அதில் உங்கள் பட்டை ஒன்று அல்ல மக்கா, வரிசையாக நிற்கும். கோல்கீப்பர் பந்தை உதைத்து கேமரா தூக்கும்போது திரை முழுக்கக் கம்பி வேலி போட்ட மாதிரி. முன்வரிசையில் பாயில் உட்காருகிற பையன்கள் யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் உங்கள் இழையைப் படித்த பிறகுதான் பார்க்கிறேன். ரொம்ப நன்றி.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 11, இரவு 9.45

தூத்தூர்த் தம்பி, லோக்கல் டிம்மிங்கை ஆஃப் செய்து பாருங்கள். ஓரத்தில் மட்டும் எல்இடி உள்ள செட்டில் அந்த வசதி திரையைச் சில நெட்டுப் பத்திகளாகப் பிரித்துத்தான் கூட்டிக் குறைக்கும். பந்து, கேலரி, வானம் என்று காட்சி மாறும்போது பக்கத்துப் பக்கத்துப் பத்திகள் வெவ்வேறு அளவில் எரியும். அதுதான் வேலி. ஆஃப் செய்தால் இரவுக் காட்சியில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். மேட்ச் பார்க்க அது பரவாயில்லை.

நாஞ்சில், உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஸ்போர்ட்ஸ் மோடை விட்டு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு வாருங்கள். ஸ்போர்ட்ஸ் மோடு பச்சையை ஏற்றி, நீலம் கூட்டி, பேக்லைட்டை உச்சிக்குத் தள்ளும். புல் முழுக்க ஒரே பளீர் பச்சைத் தகடு ஆகிவிடும். அப்புறம் பேக்லைட்டை இறக்குங்கள். கறைக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள விகிதம் மாறாது, ஆனால் வெளிச்சம் இறங்கினால் மெல்லிய வித்தியாசத்தைக் கண் பிடிப்பது கடினமாகும். லோக்கல் டிம்மிங்கை லோவில் வையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆஃப், ஏனென்றால் காட்சிக்குக் காட்சி அது புல்லின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும், கறை மூச்சு விடுவது போலத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நாய்ஸ் ரிடக்‌ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள்.

குழித்துறை ஃபைபர் | அக்டோபர் 11, இரவு 10.00

நாய்ஸ் ரிடக்‌ஷன் படத்தைச் சுத்தம் செய்யத்தானே? ஆஃப் செய்தால் அழுக்கு கூடாதா?

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 11, இரவு 10.20

அது படத்தில் வரும் பொரிப்பைத்தான் சுத்தம் செய்யும், கண்ணாடியில் உள்ளதை அல்ல. புல்லின் நயத்தையும் பொரிப்பு என்று நினைத்து வழித்துவிடும். புல் புல்லாகத் தெரிந்தால் அந்த நுணுக்கத்துக்குள் கறை ஒளிந்துகொள்ளும். வழித்து விட்டால் மொட்டைப் பச்சை. அதில் எல்லாம் தெரியும்.

நாஞ்சில்75 | அக்டோபர் 12, இரவு 11.50

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒரே மேட்சின் ஒரே ஹைலைட்ஸ் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இடப்பக்கக் கார்னரிலிருந்து எதிர்த்தாக்குதல், கேமரா ஒரே ஓட்டமாக வலப்பக்கம் போகும் இடம். உட்காரும் தூரம் ஒன்பது அடி, ஹாலில் டியூப்லைட் எரிகிறது.

மோடு மாற்றியதில்தான் பெரிய வித்தியாசம். புல் கொஞ்சம் மஞ்சளாக, உண்மையான புல் மாதிரி ஆகிவிட்டது. பட்டை இருக்கிறது, ஆனால் தேட வேண்டியிருக்கிறது. பேக்லைட் 50இல் 50 இருந்தது. 30க்கு இறக்கியதும் மூலைகளின் மங்கல் மறந்தே போனது. 20இல் இன்னும் குறைகிறது, ஆனால் பகலில் சன்னல் திறந்திருந்தால் படமே தெரியாது. 30இல் நிறுத்தினேன். லோக்கல் டிம்மிங் ஹையிலிருந்து லோவுக்கு வந்ததில், திட்டுகள் "அசைவது" நின்றது. ஷார்ப்னெஸை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், கறைக்கு ஒரு மாற்றமும் இல்லை.

மோஷன் ஸ்மூத்திங்தான் புரியவில்லை. கொஞ்சமாக, பத்துக்கு மூன்று அளவில் வைத்தால் எனக்குக் கறை குறைவாகத் தெரிகிறது. முழுக்க ஆஃப் செய்தால் ஓடும்போது புல் கலங்கி மறுபடி பச்சைத் தகடு ஆகிறது.

தூத்தூர் விங்கர் | அக்டோபர் 13, காலை 7.10

எனக்கு நேர் எதிர். ஸ்மூத்திங் போட்டால் படம் வழுக்கிக்கொண்டு போகிறது, கம்பி வேலி பளிச்சென்று நிற்கிறது. ஆஃப் செய்தால்தான் தேவலாம். டிம்மிங் ஆஃப் செய்ததில் வேலி பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சம் இரண்டு கம்பி இருக்கிறது. பையன்கள் "டிவி மங்கிப்போச்சு" என்கிறார்கள், ஏத்திவிடச் சொல்லி ஒரே சத்தம்.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 13, மதியம் 2.00

ஸ்மூத்திங்கில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நயம் தெளிவாக இருந்தால் கறை மறையும், கண் சீராக ஓடினால் கறை தெரியும். இரண்டும் ஒரே பொத்தானில் இருக்கின்றன. எது ஜெயிக்கும் என்பது செட்டையும் ஆளையும் பொறுத்தது.

குழித்துறை ஃபைபர் | அக்டோபர் 13, இரவு 8.30

நான் சொன்னதை எல்லோரும் தள்ளிவிட்டீர்கள். ஆனால் நெட் மாற்றியதும் எனக்குக் குறைந்தது உண்மை. அதற்கு என்ன பதில்?

நாஞ்சில்75 | அக்டோபர் 14, இரவு 10.40

இதை விட மனசில்லாமல் இன்று சோதித்தேன். ஒரே மேட்ச், டிடிஹெச் எச்டி சேனலில் ஒரு தடவை, போன் ஹாட்ஸ்பாட்டில் ஆப் வழியாக ஒரு தடவை. ஆப்பில் தரத்தைக் குறைத்து வைத்தேன். கேமரா நிற்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஓடத் தொடங்கியதும் ஆப்பில் புல்லின் நயம் மொத்தமாகக் கரைந்து, அந்தப் பட்டை மறுபடி எழுந்து நிற்கிறது. ஒட்டுத்தாளுக்கு நேராக, அதே இடம். எச்டி சேனலில் புல் ஓரளவு நிற்கிறது, பட்டை அடங்குகிறது.

ஆக குழித்துறைக்காரர் சொன்னதிலும் விஷயம் உண்டு. கறையை நெட் உண்டாக்கவில்லை, அதை மறைத்துக்கொண்டிருந்த புல்லை எடுத்துவிடுகிறது. பேனல்காரர் சொன்ன நாய்ஸ் ரிடக்‌ஷன் கதையும் இதுவும் ஒன்றுதான்.

குழித்துறை ஃபைபர் | அக்டோபர் 14, இரவு 10.55

கேபிள்?

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 14, இரவு 10.57

கேபிள் இல்லை.

மணவாளக்குறிச்சி மைனி | அக்டோபர் 16, மாலை 4.15

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது ஓலெட், 65 இன்ச். புல்லில், வானத்தில் ஒன்றும் இல்லை. இருட்டுக் காட்சியில், அதுவும் நிலா வெளிச்சத்தில் கேமரா மெதுவாக நகரும்போது, மெல்லிய நெட்டுக்கோடுகள் நிறையத் தெரிகின்றன. வாங்கிய புதிதில் இவ்வளவு இல்லை. மேலே சொன்ன 5 கிரே படத்தைப் போட்டேன், கோடு போட்ட நோட்டுதான். பேக்லைட் குறைக்க மெனுவில் பேக்லைட்டே இல்லையே?

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 16, இரவு 9.30

ஓலெட்டுக்குப் பேக்லைட் கிடையாது அக்கா, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அதனால் மேலே சொன்ன வைத்தியம் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு கேள்வி: இரவு டிவியை எப்படி அணைக்கிறீர்கள்? ரிமோட்டிலா, சுவர் சுவிட்சிலா?

மணவாளக்குறிச்சி மைனி | அக்டோபர் 16, இரவு 9.48

சுவர் சுவிட்ச்தான். ஐப்பசி இடிக்கு யார் டிவியை பிளக்கில் விடுவார்கள்? மாமியாருக்கு ரிமோட்டில் அணைத்தால் அணைத்த மாதிரியே இருக்காது. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால்கூட எழுந்து வந்து சுவிட்சை அணைப்பார்.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 16, இரவு 10.15

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்ஜி ஓலெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் தானே புள்ளிகளை அளந்து சமன் செய்யும். சில நிமிஷம் எடுக்கும். முடியும்போது உள்ளே க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். சுவர் சுவிட்சில் அணைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. நாளாக ஆக இருட்டில் கோடு ஏறும். நம் மாவட்டத்தில் நான் பார்க்கும் ஓலெட் புகார்களில் இது அடிக்கடி வரும், வீட்டுக்கு வீடு அதே சுவிட்ச் பழக்கம்.

இடி இருக்கும் இரவில் பிளக்கைப் பிடுங்குங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மற்ற நாளில் ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரமாவது கரண்டில் விடுங்கள். நடுவில் மின்தடை வந்தாலும் பயமில்லை, அடுத்த முறை மறுபடி தொடங்கும்.

மெனுவில் `Pixel Cleaning` அல்லது `Panel Refresh` என்று ஒன்று இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள். அது பெரிய சுத்திகரிப்பு. சோனி தன் கையேட்டிலேயே ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்யச் சொல்கிறது. முதலில் தினசரிச் சின்ன வேலை ஒழுங்காக நடக்கட்டும்.

நாஞ்சில்75 | அக்டோபர் 18, இரவு 9.00

சர்வீஸ் ஆள் வந்து போனார். பென்டிரைவில் கிரே படம் வைத்திருந்தேன், பார்க்க மறுத்துவிட்டார். தன் போனிலிருந்து பூக்களும் கிளிகளும் வரும் டெமோ வீடியோ போட்டு, "சூப்பரா இருக்கே சார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். இது அவர்கள் கணக்கில் குறை இல்லையாம். கடையில் மாற்றிக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது.

கிளி வீடியோவில் எனக்கும் கறை தெரியவில்லை. அதுதான் சிக்கல். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு கால்பந்து மேட்ச் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், மாற்றும் கெடு முடியும் முன்.

பேனல்காரரே, நூறு இருநூறு மணி நேரம் ஓடினால் தானே அடங்கும் என்கிறார்களே, உண்மையா?

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 18, இரவு 10.10

ஷீட்கள் சூட்டில் கொஞ்சம் நீண்டு படியும், அதனால் புகைத்திட்டு குறைந்த செட்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே மாறாத செட்களையும் பார்த்திருக்கிறேன். நேர்ப்பட்டை அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை. பேனல் மாற்றிக் கொடுத்தாலும் வருவது இன்னொரு சீட்டுக்குலுக்கல்தான், இதைவிட மோசமாகவும் வரலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கறையைத் துடைக்கலாம் என்று ஈரத்துணியால் கண்ணாடியை அழுத்தித் தேய்ப்பது. அழுத்திய இடத்தில் நிரந்தரமாக ஒரு திட்டு சேரும். வீடு மாறினாலும் படுக்கப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள்.

மணவாளக்குறிச்சி மைனி | அக்டோபர் 25, மாலை 5.30

சுவிட்சுக்கு மேல் செல்லோடேப் ஒட்டினேன். மாமியார் என்னோடு பேசவில்லை. ஆனால் க்ளிக் கேட்கிறது. 5 கிரேயில் மெல்லிய கோடுகள் நிறைய மங்கிவிட்டன. நடுவில் அகலமாக ஒன்று அப்படியே இருக்கிறது. அதற்கு அந்தப் பெரிய சுத்திகரிப்பு செய்யலாமா?

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 25, இரவு 9.20

இன்னும் சில வாரம் விடுங்கள் அக்கா. அதன் பிறகும் படம் பார்க்கும்போது (கிரே படம் பார்க்கும்போது அல்ல) உறுத்தினால் ஒருமுறை செய்யலாம். டிவி சூடு ஆறிய பிறகு, கரண்டு போகாத நேரமாகப் பார்த்து. அகலமான கோடு அதில் போகும் என்று வாக்குத் தர மாட்டேன்.

கருங்கல் ராக்கெட் | அக்டோபர் 26, இரவு 11.30

என் பிரச்சினை தீர்ந்தது. செட்டாப் பாக்ஸ் அவுட்புட் 60 ஹெர்ட்ஸில் இருந்தது. நம் ஊர் சேனல் எல்லாம் 50 என்று தம்பி சொன்னான், 50க்கு மாற்றியதும் விட்டு விட்டு நகர்வது போய் வெண்ணெயாக ஓடுகிறது. ஆனால் இப்போது வலப்பக்கத்தில் ஒரு பட்டை தெரிகிறது.

தக்கலை பேனல்காரன் | அக்டோபர் 27, காலை 6.50

சினிமா மோடு, பேக்லைட்டைக் குறையுங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப். கிரே படம் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.